எழுமாற்று விடை முறை: படத்தில் வந்த கணக்கிலிருந்து உண்மை விகிதம் வரை

ஊரில் யாராவது ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து "நீர் பரீட்சையில் பார்த்து எழுதியிருக்கிறீரா?" என்று கேட்டால் யார் ஆம் என்று சொல்லப் போகிறார்கள்? அதுவும் யாழ்ப்பாணத்தில், கேட்க வருகிறவர் உங்கள் மாமாவோடு படித்தவராகவோ அடுத்த ஒழுங்கைக்காரராகவோ இருக்க நிறைய வாய்ப்பு இருக்கும்போது? பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னாலும் ஆள் முன்னால் நிற்கிறாரே. அதனால் நேரடியாகக் கேட்டு எடுக்கிற விகிதம் உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும், எவ்வளவு குறைவு என்பதும் தெரியாது.

இதற்கு ஸ்ரான்லி வார்னர் என்பவர் 1965இல் ஒரு வழி சொன்னார். விடை சொல்பவர் கையில் ஒரு எழுமாற்றுக் கருவியைக் கொடுத்துவிடுங்கள். அவர் சொல்கிற "ஆம்" உண்மையான ஆமா, கருவி சொல்லச் சொன்ன ஆமா என்று கேட்பவருக்குத் தெரியாது. தனி ஆளின் விடை குழம்பிப் போகிறது. ஆனால் குழப்பியது எந்த நிகழ்தகவோடு என்று நமக்குத் தெரியும் என்பதால், நூற்றுக்கணக்கான விடைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது அந்தக் குழப்பத்தைக் கணக்குப் போட்டுக் கழித்துவிடலாம். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு கணக்கை எடுத்து அடிமுதல் நுனிவரை போகிறேன்.

கணக்கு என் பெறாமகளிடமிருந்து வட்ஸ்அப்பில் படமாக வந்தது. கம்பஸில் முதலாம் வருடம், புள்ளிவிபரவியல் ஒரு பாடம். படத்துக்குக் கீழே ஒரு வரி: "சித்தப்பா, விடை மைனஸில வருது. விகிதம் மைனஸில வரலாமோ?" நல்ல கேள்வி. அதற்கு இரண்டு விடைகள் இருக்கின்றன, இரண்டையும் சொல்கிறேன்.

படி 1: படத்தை வாசித்து, உங்கள் கையால் திருப்பி எழுதுங்கள்

படத்தைப் பார்த்தபடியே சமன்பாடு எழுதத் தொடங்காதீர்கள். அவள் அனுப்பிய படத்தில் தாளின் மடிப்பு சரியாக விதி எழுதியிருந்த வரிக்கு மேலே விழுந்து, பாதி வரி நிழலில் போய்விட்டது. தெரிந்த சொற்கள் "1", "6", "இல்லை", "ஏனைய இலக்கங்கள்", "உண்மையான விடை". நிழலில் இருந்ததை அவளே ஊகித்து நிரப்பிக்கொண்டாள்: 1 அல்லது 6 விழுந்தால் விடையை எதிர்மாறாகச் சொல்ல வேண்டும் என்று. பாடத்தில் அப்படி ஒரு முறை படித்திருந்ததால் அந்த ஊகம் அவளுக்கு இயல்பாக வந்திருக்கிறது.

தாளை நிமிர்த்தி வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் திரும்ப ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டாவது படத்தில் கணக்கு முழுதாக இருந்தது:

"எழுமாற்றாகத் தெரிந்தெடுக்கப்பட்ட 300 மாணவர்களிடம் 'பரீட்சையில் எப்போதாவது பார்த்து எழுதியதுண்டா?' எனக் கேட்கப்பட்டது. ஒவ்வொருவரும் கோடாத தாயக்கட்டை ஒன்றை மறைவாக உருட்டுவர். 1 விழுந்தால் 'ஆம்' எனவும், 6 விழுந்தால் 'இல்லை' எனவும் சொல்ல வேண்டும். ஏனைய இலக்கங்கள் விழுந்தால் உண்மையான விடையைச் சொல்ல வேண்டும். 98 பேர் 'ஆம்' என்றனர். பார்த்து எழுதியோரின் விகிதத்தை மதிப்பிடுக."

இப்படிப்பட்ட எந்தக் கணக்கு வந்தாலும் முதலில் ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். தாயக்கட்டையின் ஆறு முகங்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். 1 விழுந்தால் கட்டாய ஆம். 2, 3, 4, 5 விழுந்தால் உண்மை. 6 விழுந்தால் கட்டாய இல்லை. ஆறுக்கும் வேலை இருக்க வேண்டும். ஏதாவது ஒரு முகத்துக்கு எதிரே எழுத ஒன்றும் இல்லை என்றால், படத்தில் ஒரு வரி வெட்டுப்பட்டிருக்கிறது, அல்லது நீங்கள் ஒரு வரியைத் தாண்டிவிட்டீர்கள். எண்களையும் ஒரு தரம் சரிபாருங்கள், மங்கலான படத்தில் 98உம் 93உம் ஒரே மாதிரித்தான் தெரியும்.

படி 2: இது எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

பாடப் பயிற்சிகளில் வருவது பெரும்பாலும் மூன்று வகை. கருவி சில நேரம் விடையை எதிர்மாறாக்கச் சொன்னால் (அல்லது "நான் பார்த்து எழுதினேன்", "நான் பார்த்து எழுதவில்லை" என்ற இரண்டு கூற்றுகளில் ஒன்றைக் கொடுத்து சரியா பிழையா என்று கேட்டால்) அது வார்னரின் மூல முறை. சில நேரம் வேறொரு சம்பந்தமில்லாத கேள்விக்கு, உதாரணமாக "நீர் தை மாதத்தில் பிறந்தவரா?" என்பதற்கு, விடை சொல்லச் சொன்னால் அது சம்பந்தமில்லாக் கேள்வி முறை. சில நேரம் ஆம் என்றோ இல்லை என்றோ கட்டாயமாகச் சொல்லச் சொன்னால் அது கட்டாய விடை முறை. நம் கணக்கு மூன்றாவது வகை.

வகை மாறினால் சமன்பாடு மாறும், அதே 98 பேருக்கு முற்றிலும் வேறு விடை வரும். இந்த இடத்தில்தான் அவளுக்குக் கணக்கு திசை மாறியது.

படி 3: சமன்பாட்டுக்கு முதல் ஆட்களை எண்ணுங்கள்

சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள்கூட இந்தப் படியைச் செய்து பாருங்கள், ஏனென்றால் விடை பெரும்பாலும் இங்கேயே வந்துவிடும்.

300 பேர் உருட்டுகிறார்கள். சராசரியாக 50 பேருக்கு 1 விழும், அவர்கள் பார்த்து எழுதினார்களோ இல்லையோ ஆம் என்று சொல்வார்கள். இன்னொரு 50 பேருக்கு 6 விழும், அவர்கள் எல்லோரும் இல்லை என்பார்கள். மிச்சம் 200 பேர்தான் உண்மை பேசுகிறவர்கள். மொத்த ஆம் 98. அதில் 50 தாயக்கட்டை தந்தது. ஆகவே உண்மையான ஆம் 98 − 50 = 48. இந்த 48 எத்தனை பேரிலிருந்து வந்தது? 200 பேரிலிருந்து. 48/200 = 0.24. பார்த்து எழுதியவர்கள் ஏறக்குறைய 24%.

நான் பார்க்கிற விடைத்தாள்களில் அதிகம் வருகிற பிழை கடைசி வரியில்தான் இருக்கும்: 50ஐச் சரியாகக் கழித்துவிட்டு 48ஐ 300ஆல் பிரித்து 16% என்று எழுதுவார்கள். மிச்ச 100 பேரும் தங்களைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லாதவர்களைப் பகுதியில் சேர்த்தால் அவர்கள் எல்லோரும் பார்த்து எழுதாதவர்கள் என்று நீங்களே தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அந்த 100 பேரிலும் பார்த்து எழுதியவர்கள் அதே 24% அளவில் இருப்பார்கள், ஏனென்றால் 1ம் 6ம் யாருக்கு விழ வேண்டும் என்பதை அவர்களுடைய பழக்கவழக்கம் தீர்மானிப்பதில்லை.

படி 4: இப்போது சமன்பாடு

உண்மையான விகிதத்தை π என்று வைப்போம் (வட்டத்துக்கான பை அல்ல, இந்தத் துறையில் இந்த எழுத்தைத்தான் பாவிப்பார்கள்). ஆம் என்று சொல்கிற நிகழ்தகவு λ. மர வரைபடத்தில் ஆமில் முடிகிற கிளைகள் இரண்டு: 1 விழுவது, அல்லது 2 முதல் 5 வரை விழுந்து ஆளும் பார்த்து எழுதியவராக இருப்பது.

```
λ = 1/6 + (4/6)·π
π = (λ − 1/6) / (4/6)
λ = 98/300 = 0.3267
π = (0.3267 − 0.1667) / 0.6667 = 0.24
```

மேலே ஆட்களை எண்ணிச் செய்ததும் இதுவும் ஒன்றுதான். கட்டாய விடை வகையிலும் சம்பந்தமில்லாக் கேள்வி வகையிலும் உருவம் இதுவே: கருவி தானாகத் தந்த ஆமைக் கழி, உண்மை பேசிய பங்கால் பிரி.

அவள் போட்ட கணக்கு என்ன? 1 அல்லது 6 விழுந்தால் எதிர்மாறு என்று எடுத்ததால், பார்த்து எழுதியவர் 4/6 நிகழ்தகவோடு ஆம் என்பார், பார்த்து எழுதாதவர் 2/6 நிகழ்தகவோடு ஆம் என்பார்.

```
λ = (4/6)·π + (2/6)·(1 − π) = 1/3 + π/3
π = 3·(0.3267 − 0.3333) = −0.02
```

கணித்த விதத்தில் ஒரு பிழையும் இல்லை. சமன்பாடு வேறொரு கணக்குக்கு உரியது, அவ்வளவுதான்.

படி 5: எல்லைச் சோதனை

இதைச் செய்ய அரை நிமிடம்கூட ஆகாது. ஒருவருமே பார்த்து எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், π = 0. அப்போதும் எத்தனை ஆம் வரும்? நம் கணக்கில் 50. எல்லோருமே பார்த்து எழுதியவர்கள், π = 1 என்றால்? 6 விழுந்த 50 பேரைத் தவிர மற்ற எல்லோரும், 250. ஆக ஆம் எண்ணிக்கை சராசரியில் 50க்கும் 250க்கும் இடையில்தான் இருக்க முடியும். 98 உள்ளே இருக்கிறது, சரி.

எதிர்மாறாக்கும் விதியில் இதே எல்லைகள் 100உம் 200உம். 98 வெளியே நிற்கிறது. மைனஸ் வந்தது அதனால்தான்.

அவளுடைய கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். பயிற்சிக் கணக்கில் மைனஸ் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நீங்கள் வாசித்த விதியை, ஏனென்றால் கணக்கு எழுதுபவர்கள் பெரும்பாலும் விடை ஒழுங்காக வருகிற எண்களைத்தான் போடுவார்கள். ஆனால் உண்மையான ஆய்வில் மைனஸ் வரலாம், அதில் பிழை ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. எதிர்மாறு விதியோடு 300 பேரைக் கேட்கிறீர்கள், உண்மையில் யாருமே பார்த்து எழுதவில்லை என்றால், ஆம் எண்ணிக்கை சராசரியாக 100. அதன் நியம விலகல் √(300 × 1/3 × 2/3), அதாவது கிட்டத்தட்ட 8. எனவே 98 வருவது சர்வசாதாரணம், 90 வந்தாலும் அதிசயமில்லை. அப்படி வந்தால் அறிக்கையில் மதிப்பீட்டை 0 என்று எழுதி, சூத்திரம் தந்த எண்ணையும் நம்பிக்கை ஆயிடையையும் பக்கத்தில் குறிப்பிடுவதுதான் நேர்மை. 75 வந்தால் கதை வேறு. 100இலிருந்து மூன்று நியம விலகலுக்கும் கீழே போய்விட்டது, அது தற்செயலாக நடந்தது என்று விட முடியாது. விதி தவறாக விளங்கப்பட்டிருக்கிறது, அல்லது ஆட்கள் விதியைப் பின்பற்றவில்லை.

படி 6: மறைத்ததற்கு எவ்வளவு விலை கொடுத்தோம்

24% என்று மட்டும் எழுதி நிறுத்தினால் பாதிக் கணக்குத்தான். 50 பேருக்கு 1 விழும் என்று எடுத்தோமே, அது சராசரி. உண்மையில் 43ஆகவும் இருந்திருக்கலாம், 57ஆகவும் இருந்திருக்கலாம், நமக்குத் தெரியாது. இந்தத் தெரியாமை விடைக்குள் வருகிறது. நியம வழுவை இப்படி எடுக்கலாம்:

```
SE(λ) = √( λ(1 − λ)/n ) = √( 0.3267 × 0.6733 / 300 ) = 0.0271
SE(π) = SE(λ) / (4/6) = 0.0406
95% ஆயிடை: 0.24 ± 1.96 × 0.0406  →  0.16 முதல் 0.32 வரை
```

இதே 300 பேரும் நேரடியாகக் கேட்டபோதே உண்மை சொல்லியிருந்தால் நியம வழு 0.0247ஆகத்தான் இருந்திருக்கும், ஆயிடை 0.19 முதல் 0.29 வரை. மாறற்றிறனில் பார்த்தால் நம்முடையது கிட்டத்தட்ட 2.7 மடங்கு. அதாவது நேரடியாகக் கேட்டு உண்மை வாங்கிய 300 பேரின் துல்லியம் இந்த முறையில் கிடைக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 815 பேரைக் கேட்க வேண்டும். 40 பேருள்ள ஒரு வகுப்பில் இதைச் செய்துபார்த்து ஒரு சதவீதத்தை அறிவிப்பதில் அர்த்தமே இல்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

எதிர்மாறாக்கும் விதி இன்னும் விலை கூடியது. π = 0.24 என்று எடுத்து அதே தாயக்கட்டையோடு கணித்தால் நியம வழு 0.085, நம்முடையதைவிட இரு மடங்குக்கு மேல். காரணம் வகுக்கும் எண்: இங்கே 2/3ஆல் பிரித்தோம், அங்கே 1/3ஆல் பிரிக்கிறோம். தாயக்கட்டைக்குப் பதிலாகக் கோடாத நாணயம் ஒன்றைக் கொடுத்து, தலை விழுந்தால் உண்மை, பூ விழுந்தால் எதிர்மாறு என்றால் வகுக்கும் எண் பூச்சியமாகிவிடும். யார் எப்படிப்பட்டவராக இருந்தாலும் ஆம் வர நிகழ்தகவு அரைதான், பத்தாயிரம் பேரைக் கேட்டாலும் ஒன்றும் மீளாது. நாணயத்தோடு செய்ய விருப்பமென்றால் கட்டாய விடை வகைதான் போட வேண்டும்: தலை என்றால் உண்மை, பூ என்றால் ஆம்.

இந்த ஆயிடையை நம்ப மனமில்லாதவர்கள் கணினியில் உருட்டிப் பார்க்கலாம். உண்மை விகிதம் 0.24 என்று நாமே வைத்து, 300 பேர் ஆய்வை 5000 தடவை நடத்துகிறது கீழே உள்ள பைதன் துண்டு:

```python
import random
n, pi, res = 300, 0.24, []
for _ in range(5000):
    yes = 0
    for _ in range(n):
        d = random.randint(1, 6)
        if d == 1 or (d in (2, 3, 4, 5) and random.random() < pi):
            yes += 1
    res.append((yes / n - 1/6) / (4/6))
res.sort()
print(sum(res) / 5000, res[125], res[4874])
```

மூன்று எண்கள் வரும்: சராசரி 0.24ஐ ஒட்டி, மற்ற இரண்டும் 0.16ஐயும் 0.32ஐயும் ஒட்டி. `pi`ஐ 0.02 ஆக்கி ஓட்டிப் பாருங்கள், மைனஸ் மதிப்பீடுகள் எவ்வளவு சாதாரணமாக வருகின்றன என்று கண்ணாலேயே தெரியும்.

படி 7: ஆம் சொன்ன ஆள் உண்மையில் பாதுகாப்பாக இருக்கிறாரா

பயிற்சிக் கணக்குகளில் இது அடிக்கடி (ஆ) பகுதியாக வரும்: ஆம் என்று சொன்ன ஒருவர் உண்மையில் பார்த்து எழுதியவராக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? பேயிசின் தேற்றம்தான், ஆனால் ஆட்களை எண்ணினால் இன்னும் சுலபம். 98 ஆமில் 48 பேர் உண்மையைச் சொன்னவர்கள். 1 விழுந்த 50 பேரிலும் 24%, அதாவது 12 பேர், பார்த்து எழுதியவர்கள். மொத்தம் 60. ஆகவே 60/98, கிட்டத்தட்ட 61%. இல்லை என்று சொன்ன 202 பேரில் 6 விழுந்ததால் தப்பியவர்கள் 12 பேர், 12/202, கிட்டத்தட்ட 6%.

24%இலிருந்து 61%க்கு ஏறுவது சின்ன ஏற்றமில்லை என்று எனக்குப் படுகிறது. பாதுகாப்பு என்றால் ஒன்றுமே தெரியாமல் போவது என்று ஆட்களிடம் சொல்லக்கூடாது, அது பொய். "நீங்கள் ஆம் என்று சொன்னாலும் அது தாயக்கட்டை சொல்லச் சொன்னதாக இருக்கலாம், ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது" என்பது உண்மை, அதைச் சொல்லலாம். அதேபோல ஒரே ஆளிடம் ஒரே கேள்வியைப் பல தடவை புதிதாக உருட்டச் சொல்லிக் கேட்கக் கூடாது. பத்து தரம் கேட்டு எட்டு ஆம் வந்தால் அந்த ஆள் யார் என்பது தெரிந்துவிட்டது, மறைவு என்று ஒன்றும் மிச்சமில்லை.

வீதியில் இறங்கினால் எங்கே கவிழும்

கணக்கு இவ்வளவுதான். ஆனால் திட்ட அறிக்கைக்காக நிஜமாகவே இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு விசயங்கள்.

முதலாவது கருவி. சில பாடநூல்களில் "உங்கள் அம்மா எந்த மாதத்தில் பிறந்தார்?" என்பதைத் தாயக்கட்டைக்குப் பதிலாகப் பாவிக்கச் சொல்லியிருக்கும். நகரத்தில் அந்நியர் கேட்கும்போது அது சரி. கொக்குவிலிலோ சுன்னாகத்திலோ கேட்பவருக்கு அந்த அம்மாவையே தெரிந்திருந்தால் மறைவு என்று ஒன்றுமில்லை. தாயக்கட்டை என்றாலும் மேசையில் உருட்டினால் எல்லோரும் பார்ப்பார்கள். நான் விரும்புவது ரூபாய்த்தாள்: அவரவர் பணப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, தொடரிலக்கத்தின் கடைசி இலக்கத்தைத் தானே பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிட வேண்டும். 0, 1 என்றால் ஆம். 8, 9 என்றால் இல்லை. 2 முதல் 7 வரை என்றால் உண்மை. கடைசி இலக்கம் பத்தில் எதுவும் ஏறக்குறைய சமமாக வரும். சூத்திரத்தில் 1/6க்குப் பதில் 0.2, 4/6க்குப் பதில் 0.6, மற்றது எல்லாம் அப்படியே. இலக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தாளை எடுத்துவிட வேண்டும் என்று மட்டும் அழுத்திச் சொல்லுங்கள், இரண்டு மூன்று தாளைப் பார்த்துத் தனக்கு விருப்பமானதைத் தெரிந்தால் நிகழ்தகவு போய்விடும்.

விதி விளங்கியதா என்று பார்க்க, விடை எல்லோருக்கும் தெரிந்த ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: "நீர் இன்றைக்கு யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறீரா?" உண்மை விகிதம் 1. ஆகவே ரூபாய்த்தாள் விதியில் 80% ஆம் வர வேண்டும். 300 பேரில் 240ஐ ஒட்டி வராமல் 280 வந்தால், 8, 9 விழுந்தவர்கள் இல்லை என்று சொல்ல மறந்து உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள் என்று அர்த்தம். விளக்கத்தை மாற்றாமல் மேலே போகாதீர்கள்.

இரண்டாவதுதான் பெரிய சிக்கல். பார்த்து எழுதாத ஒரு பிள்ளைக்கு 1 விழுகிறது. விதிப்படி ஆம் என்று சொல்ல வேண்டும். "நான் செய்யாததை ஏன் செய்தேன் என்று சொல்ல வேண்டும்?" என்று நினைத்து இல்லை என்று சொல்லிவிடும். பார்த்து எழுதியவர்களிலும் சிலர் தாயக்கட்டையை நம்பாமல் எது விழுந்தாலும் இல்லை என்றே சொல்வார்கள். ஆம் சொல்ல வேண்டியவர்களில் பத்தில் ஒருவர் இப்படி நழுவினால் 98 என்பது 88 ஆகும், நம் மதிப்பீடு 38/200, அதாவது 19%. கணக்கு சரி, விடை பிழை. மதிப்பீட்டைப் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை, 19% என்பது பார்ப்பதற்கு முற்றிலும் நியாயமான எண்.

இருந்தாலும் இந்த முறையை ஒதுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 2011இல் நடந்த ஒரு மக்கள் வாக்கெடுப்பின் அதிகாரபூர்வ முடிவு கையில் இருக்க, வாக்களித்தவர்களிடமே பல முறைகளில் கேட்டு ஒப்பிட்டார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில் நேரடிக் கேள்வி உண்மையிலிருந்து நன்றாக விலகியது, எழுமாற்று விடை முறை உண்மைக்கு மிக அருகில் வந்தது.

நழுவுகிறவர்களை அளக்கவும் ஒரு வழி உண்டு, கிளார்க், டெஷார்னே இருவரும் 1998இல் கொடுத்தது. ஆட்களை எழுமாற்றாக இரண்டு குழுக்களாகப் பிரியுங்கள். இரண்டிலும் கட்டாய ஆம் மட்டும், கட்டாய இல்லை கிடையாது. முதல் குழுவில் 1 விழுந்தால் ஆம், இரண்டாம் குழுவில் 1, 2, 3 விழுந்தால் ஆம், மற்றபடி உண்மை. ஆட்களை மூன்று வகையாக எடுக்கிறோம்: பார்த்து எழுதி விதியைப் பின்பற்றுபவர் (π), பார்த்து எழுதாமல் விதியைப் பின்பற்றுபவர் (β), எது விழுந்தாலும் இல்லை என்பவர் (γ). முதல் குழுவில் 32% ஆம், இரண்டாம் குழுவில் 54% ஆம் என்று வைப்போம்.

```
0.32 = π + (1/6)·β
0.54 = π + (1/2)·β
β = (0.54 − 0.32) / (1/3) = 0.66
π = 0.32 − 0.11 = 0.21
γ = 1 − 0.66 − 0.21 = 0.13
```

13% பேர் விதியை மீறுகிறார்கள். அவர்கள் பார்த்து எழுதியவர்களா இல்லையா என்பது இந்த ஆய்வால் தெரியாது. அவர்களில் ஒருவருமே பார்த்து எழுதவில்லை என்றால் உண்மை விகிதம் 21%, அவர்கள் எல்லோரும் பார்த்து எழுதியவர்கள் என்றால் 34%. அறிக்கையில் இரண்டு எல்லைகளையும் எழுத வேண்டும், நடுவிலே ஒரு எண்ணை எடுத்துப் போடக் கூடாது.

ஆனால் நம் 300 பேரை 150, 150 ஆகப் பிரித்து இதைச் செய்தால் γவின் நியம வழு 0.117 வரும். 0.13க்கு 95% ஆயிடை போட்டால் பூச்சியத்துக்குக் கீழேயும் போய்விடும், அதாவது நழுவுகிறவர்கள் இருக்கிறார்களா என்பதைக்கூடச் சொல்ல முடியாது. குழுவுக்கு 1500 பேர் என்றால் நியம வழு 0.037, ஆயிடை 0.06 முதல் 0.20 வரை. நழுவலைப் பிடிக்க வேண்டுமென்றால் அந்த அளவுக்கு ஆள் சேர்க்க வேண்டும்.